ஏலச்சீட்டுப் பேரேடு: கையிருப்புக்குள் மறைந்திருக்கும் பாக்கியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். என் தாய்மாமா புதுக்கோட்டையில் பதிவு செய்த ஏலச்சீட்டு ஒன்றை நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். இங்கே வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சிலரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. எல்லாம் ஒரே நோட்டில் இருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கசர் போனது என்று கேட்டால் மாமாவால் உடனே சொல்ல முடியவில்லை. கையில் பணம் இருக்கிறது, கணக்குதான் ஒத்துவரவில்லை. எக்செல்லில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எப்படி எழுதுவது?

பதில்:

கையில் பணம் இருப்பதும் கணக்கு ஒத்துவராததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள் என்பதால், அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு எக்செல்லுக்கு வருகிறேன். ஏலச்சீட்டில் மாதக் கடைசியில் நடத்துபவர் கையில் தங்கும் பணம் அவருடைய லாபம் அன்று. அடுத்த மாதத் தவணையில் 20 பேருக்கும் கழித்துக் கொடுக்க வேண்டிய கசர் அது. ஒருவர் தவணை கட்டத் தவறினால் அந்தக் குறை உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் கசர் பணத்திலிருந்தே சீட்டு எடுத்தவருக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்பதால், எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தோன்றும். ஆகவே உங்கள் பேரேடு செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த மாதம் கையில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு இருக்கிறது, இடையிலுள்ள வித்தியாசம் எந்தெந்தச் சீட்டு எண்ணிலிருந்து வருகிறது என்ற மூன்றையும் சொல்வதுதான்.

உங்கள் மாமாவின் நோட்டு என் முன் இல்லாததால், அவருடைய சீட்டின் அளவையே வைத்து ஏலத் தொகைகளை நானே எடுத்துக்கொள்கிறேன். மொத்தச் சீட்டுத் தொகை ஒரு லட்சம். நடத்துபவரின் கமிஷன் ஐந்து விழுக்காடு, அதாவது மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் முதலில் வைத்திருந்த உச்சவரம்பும் இதுவே, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏழு விழுக்காடாக உயர்த்தியது. உங்கள் சீட்டில் எது என்பது பதிவு செய்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். ஏலத்தில் தள்ளக்கூடிய அதிகபட்சத் தொகையும் அதிலேயே இருக்கும். இந்த எடுத்துக்காட்டில் அதை 30,000 என்று கொள்கிறேன்.

முதல் மாதம் ஏலம் இல்லை. சீட்டு நடத்துபவர் தாமும் ஒரு சீட்டுக் கட்டுகிறார் என்றால், ஒப்பந்தத்தில் குறித்த தவணையில், பெரும்பாலும் முதல் தவணையில், தள்ளு எதுவும் இல்லாமல் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. எனவே முதல் மாதம் 20 பேரும் 5,000 கட்டுகிறார்கள், ஒரு லட்சமும் நடத்துபவருக்குப் போகிறது, கசர் இல்லை. இரண்டாம் மாதம் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார். அவருக்குக் கிடைப்பது 70,000. தள்ளிய 30,000 முழுவதும் கசர் ஆவதில்லை. அதிலிருந்து கமிஷன் 5,000 போக மீதி 25,000ஐ 20 ஆல் வகுத்தால் ஒரு சீட்டுக்கு 1,250 ரூபாய் கசர். மூன்றாம் மாதமும் 30,000 தள்ளு, 1,250 கசர். நான்காம் மாதம் 28,000 தள்ளு, 1,150 கசர். ஐந்தாம் மாதம் 27,000 தள்ளு, 1,100 கசர்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கசர் 20 சீட்டுக்கும் சமமாகப் போகிறது. ஏற்கெனவே சீட்டு எடுத்தவருக்கும் உண்டு, அன்று ஏலத்தில் எடுத்தவருக்கும் உண்டு. சீட்டு எடுக்காதவர்களுக்கு மட்டும் கசர் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அப்படியானால் வகுக்கும் எண் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும், சூத்திரமே மாறிவிடும். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதை ஊகிக்கக் கூடாது. இரண்டாவது, கசர் எந்தத் தவணையில் கழிகிறது என்பது. ஏலம் முடிந்த பிறகு அதே மாதத் தவணையை வாங்கும் இடங்களில் அந்த மாதத்திலேயே கழித்துவிடுவார்கள். தவணையை முதலில் வாங்கிவிட்டு ஏலம் நடத்தும் இடங்களில் அடுத்த மாதத் தவணையில் கழிப்பார்கள். நோட்டுக் கணக்கும் சந்தாதாரரின் பாஸ்புக்கும் ஒத்துவராத இடங்களை ஆராய்ந்தால், ஒரு தரப்பு அதே மாதம் என்றும் மறு தரப்பு அடுத்த மாதம் என்றும் எழுதியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான் அடுத்த மாத முறையை எடுத்துக்கொள்கிறேன். அதன்படி ஒரு சீட்டுக்கு முதல் இரண்டு மாதம் 5,000, மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும் 3,750, ஐந்தாம் மாதம் 3,850, ஆறாம் மாதம் 3,900 என்று தவணை வரும்.

நோட்டில் பலர் செய்வது, மூன்றாம் மாதம் தவணை 3,750 என்று ஒரே எண்ணாக எழுதிவிடுவது. அப்படி எழுதாதீர்கள். முழுத் தவணை 5,000 ஒரு கட்டத்திலும், கழிந்த கசர் 1,250 அடுத்த கட்டத்திலும், வந்த பணம் வேறொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு காரணத்தால் உண்டாகிறவை. முழுத் தவணை ஒப்பந்தத்தால் உண்டாகிறது, கசர் ஏலத்தால் உண்டாகிறது, வரவு சந்தாதாரர் கட்டுவதால் உண்டாகிறது. ஒருவர் நாள் தவறிக் கட்டினால் அவருக்குக் கசர் இல்லை என்று ஒப்பந்தம் சொல்லுமானால், 3,750 என்று மட்டும் எழுதிய நோட்டில் அதைத் திருத்த இடமே இருக்காது.

எக்செல்லில் மூன்று தாள்கள் போதும். ஏலத்துக்கு ஒரு தாள். அதில் மாதத்துக்கு ஒரே ஒரு வரி. வரவுக்கு ஒரு தாள்; அதில் ஒரு ரசீதுக்கு ஒரு வரி. மூன்றாவது தாள் பேரேடு. அதில் சீட்டு எண்ணுக்கு ஒரு வரி. பேரேட்டில் சீட்டு எண்ணையும், நடப்பு மாதத்துக்காக ஒரு கட்டத்தையும், பின்னால் வரும் மாதாந்திரச் சோதனைக்காக ஒரு கட்டத்தையும் தவிர எதையும் கையால் எழுதக் கூடாது. மற்றதெல்லாம் முதல் இரண்டு தாள்களிலிருந்து தானாக வர வேண்டும். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதும் வழக்கம்தான் நோட்டைக் குழப்பியிருக்கிறது; அதை எக்செல்லுக்குள்ளும் கொண்டுவந்தால் நோட்டைவிட மோசமாகிவிடும்.

ஏலத் தாளுக்கு `Elam` என்று பெயர் வையுங்கள். A பத்தியில் மாத எண், B பத்தியில் ஏல நாள், C பத்தியில் எடுத்தவரின் சீட்டு எண், D பத்தியில் தள்ளு, E பத்தியில் கமிஷன். F, G இரண்டும் சூத்திரங்கள்: எடுத்தவருக்குச் சேர வேண்டிய தொகை, ஒரு சீட்டுக்கான கசர். H பத்தியில் எடுத்தவருக்கு உண்மையில் கொடுத்த தொகை, I பத்தியில் கொடுத்த நாள். முதல் மாதத்துக்குத் தள்ளும் கமிஷனும் பூஜ்யம். வரவுத் தாளுக்கு `Varavu` என்று பெயர்: A நாள், B ரசீது எண், C சீட்டு எண், D தவணைக்காக வந்த தொகை, E தாமதத்துக்காக வந்த தண்டத் தொகை, F எந்த வழியில் வந்தது என்ற குறிப்பு. பேரேட்டில் `B1` கட்டத்தில் நடப்பு மாதத்தின் எண்ணை வையுங்கள். A4 முதல் சீட்டு எண்கள். சூத்திரங்கள் இவை:

```
Elam F2:   =100000-D2
Elam G2:   =INT((D2-E2)/20)

Peredu B4: =5000*$B$1
Peredu C4: =SUMIFS(Elam!G:G,Elam!A:A,"<"&$B$1)
Peredu D4: =SUMIFS(Varavu!D:D,Varavu!C:C,A4)
Peredu E4: =B4-C4-D4
```

பேரேட்டின் B பத்தி இதுவரை ஏறிய முழுத் தவணை, C பத்தி இதுவரை கழிந்த கசர், D பத்தி இதுவரை வந்த பணம், E பத்தி நிலுவை. E கூட்டல் எண்ணாக இருந்தால் அவர் பாக்கி, கழித்தல் எண்ணாக இருந்தால் அவருடைய முன்பணம் நம்மிடம் இருக்கிறது. கசரைக் கூட்டும்போது `"<"` என்று கொடுத்திருப்பது அடுத்த மாத முறைக்காக. உங்கள் மாமா அதே மாதம் கழிப்பவர் என்றால் அது `"<="` ஆக வேண்டும், இந்தச் சூத்திரங்களில் வேறெதுவும் மாறாது. INT என்பது பைசாவைத் தள்ளிவிடுகிறது. தள்ளு 27,350 என்று வந்தால் ஒரு சீட்டுக்கு 1,117 ரூபாய் 50 பைசா என்று வரும். 1,117 மட்டும் கழித்தால் 10 ரூபாய் மிஞ்சும். அந்த 10 ரூபாயும் சந்தாதாரர்களுடையதுதான் என்பதால் தனியாகக் குறித்து வைத்துக் கடைசிக் கசரில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வரியைச் சீட்டு எண்ணால்தான் அடையாளப்படுத்த வேண்டும், பெயரால் அல்ல. ஒருவரே இரண்டு சீட்டுக் கட்டுவார். ஒன்றை எடுத்திருப்பார், மற்றொன்றை எடுத்திருக்க மாட்டார். ஒருவர் இடையில் விலகி வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தாலும் சீட்டு எண் மாறாது. பெயர் மாற்றத்தைத் தனிப் பட்டியலில் நாளோடு குறித்தால் போதும்.

இப்போது ஐந்தாம் மாத முடிவில் கணக்கு எப்படி நிற்க வேண்டும் என்று பார்ப்போம். எல்லாரும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஒரு சீட்டுக்கு வந்தது 21,350. 20 சீட்டுக்கு 4,27,000. சீட்டு எடுத்த ஐந்து பேருக்குப் போனது ஒரு லட்சம், 70,000, 70,000, 72,000, 73,000, ஆக 3,85,000. கமிஷன் நான்கு மாதத்துக்கு 20,000. வரவிலிருந்து இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 22,000. ஐந்தாம் மாதத் தள்ளு 27,000இலிருந்து கமிஷன் போன மீதியும் அதே 22,000தான். இது தற்செயல் அன்று. அடுத்த மாத முறையில் நடக்கும் எந்தச் சீட்டிலும், எந்த மாதமும், பாக்கி இல்லாமல் இருந்தால் கையில் நிற்க வேண்டியது அந்த மாதத் தள்ளிலிருந்து கமிஷன் போன தொகை மட்டுமே. அதே மாத முறையில் நடந்தால் கையில் எதுவும் நிற்கக் கூடாது.

இப்போது இரண்டு பேரை ஒழுங்கு தவற வைப்போம். பன்னிரண்டாம் எண் நான்காம் மாதம் முதல் கட்டவில்லை. ஏழாம் எண் சிங்கப்பூரில் வேலை செய்பவர். சிராங்கூன் ரோட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஊருக்குப் பணம் அனுப்ப நேரம் கிடைக்கும் என்பதால், மூன்றாம் மாதம் வந்தபோது 10,000 ரூபாயாகச் சேர்த்து அனுப்பிவிட்டார். நான்காம் மாத ஏலத்தில் 28,000 தள்ளி எடுத்தவருக்கு 72,000 கொடுக்க வேண்டும். அதில் எந்தச் சிக்கலும் இல்லாமல் கொடுத்தும் ஆகிவிடுகிறது. கமிஷனும் எடுத்த பிறகு கையில் 21,750 இருக்கிறது. நடத்துபவர் பெட்டியைப் பார்த்தால் பணம் இருக்கிறது, யாரும் வந்து சண்டை போடவில்லை, எல்லாம் சரி என்றே நினைப்பார். ஆனால் அந்த மாதம் இருக்க வேண்டிய கசர் பணம் 23,000. பன்னிரண்டாம் எண்ணின் 3,750 குறைகிறது. ஏழாம் எண்ணின் முன்பணம் 2,500 அந்தக் குறையின் பெரும்பகுதியை மூடி மறைக்கிறது. வெளியே தெரிவது 1,250 ரூபாய் வித்தியாசம் மட்டும்.

ஐந்தாம் மாதமும் பன்னிரண்டாம் எண் கட்டவில்லை. ஏழாம் எண்ணும் முன்பே அனுப்பியதை நினைத்து எதுவும் கட்டவில்லை. மற்ற 18 பேரிடமிருந்து 69,300 வருகிறது. எடுத்தவருக்கு 73,000, கமிஷன் 5,000 போனால் கையில் 13,050. இருக்க வேண்டியது 22,000. வித்தியாசம் 8,950. பேரேட்டின் E பத்தி அதை அப்படியே பிரித்துச் சொல்லும்: பன்னிரண்டாம் எண் 7,600, ஏழாம் எண் 1,350. இந்தக் கூட்டுத்தொகையும் கையிருப்பின் குறையும் ரூபாய் பிசகாமல் ஒத்துவந்தால் உங்கள் கணக்கு சரி. அதற்கான சோதனையை மாதாமாதம் இந்த இரண்டு கட்டங்களில் வைத்துக்கொள்ளலாம். K3இல் அந்த மாதத் தள்ளிலிருந்து கமிஷன் போன தொகையை, முந்தைய மாதங்களின் பைசா மிச்சம் சேர்ந்திருந்தால் அதையும் கூட்டி எழுதுங்கள்; அதே மாத முறை என்றால் இதுவரை சேர்ந்த பைசா மிச்சத்தை மட்டும், அது இல்லையென்றால் பூஜ்யத்தை எழுதுங்கள்:

```
Peredu K1: =SUM(Varavu!D:D)-SUM(Elam!H:H)-SUM(Elam!E:E)
Peredu K2: =K3+SUM(Elam!F:F)-SUM(Elam!H:H)-SUM(E4:E23)
```

K1 என்பது புத்தகப்படி கையில் இருக்கும் பணம். K2 என்பது இருக்க வேண்டிய பணத்திலிருந்து நிலுவையைக் கழித்த தொகை. இரண்டும் சமமாக இருக்க வேண்டும்; பிறகு K1ஐ வங்கி இருப்போடும் ரொக்கத்தோடும் ஒப்பிட வேண்டும். நடுவில் F, H இரண்டையும் சேர்த்திருப்பது, சீட்டு எடுத்தும் ஜாமீன் கொடுக்காததால் பணம் வாங்காமல் இருப்பவருக்காக. அவர் பணமும் கையிருப்பில்தான் கிடக்கும், அது கசர் அன்று. அந்தப் பணத்தைப் பெட்டியில் வைக்காமல் அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் தனியாகப் போட்டுவைக்கச் சட்டமும் சொல்கிறது.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் கடைசி மாதங்கள். தொடக்கத்தில் அவசரமுள்ளவர்கள் 30,000 வரை தள்ளுவார்கள்; கசர் பணம் 25,000 வரை கையில் புரளும். போகப் போகப் போட்டி குறையும், தள்ளு இறங்கும். இருபதாம் மாதம் எடுக்க ஒருவர்தான் மிச்சம். அவருக்குக் கமிஷன் மட்டும் போக 95,000 கொடுக்க வேண்டும், கசர் என்று எதுவும் இருக்காது. முதல் பத்து மாதத்தில் ஏறிய பாக்கியைக் கசர் பணம் மூடி வைத்திருந்தால், அந்தப் பணம் வற்றும்போது பாக்கி முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வரும். அதுவரை எடுக்காமல் பொறுமையாகக் கட்டி வந்தவருக்குக் கொடுக்கத்தான் அப்போது பணம் இருக்காது. நேர்மையானவர்கள் நடத்திய சீட்டுகள்கூடப் பதினெட்டாம், பத்தொன்பதாம் மாதத்தில் தடுமாறுவதற்கு இது முக்கியமான காரணம். உங்கள் மாமாவின் சீட்டு ஏழாம் மாதத்தில் இருக்கிறது என்பதால் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

குறை இருக்கும் மாதத்தில் நடத்துபவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதை ஈடுகட்ட வேண்டும். கட்டத் தவறியவருக்காக, எடுத்தவரின் தொகையைக் குறைப்பதோ தள்ளிப்போடுவதோ சரியன்று. அப்படி அவர் போடும் பணத்தை வரவுத் தாளில் பன்னிரண்டாம் எண்ணின் கணக்கில் எழுதிவிட்டால் அவருடைய பாக்கி மறைந்துவிடும். அது பெரிய பிழை. நடத்துபவரின் முன்பணம் என்று தனித் தலைப்பில் எழுதி, பன்னிரண்டாம் எண் கட்டும்போது அதிலிருந்து அவருக்குத் திருப்பிக்கொடுத்ததாகக் காட்டுங்கள். K1ஐ வங்கி இருப்போடு ஒப்பிடும்போது இந்த முன்பணத்தையும், வரவுத் தாளின் E பத்தியில் சேர்ந்து கையில் இருக்கும் தண்டத் தொகையையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

பன்னிரண்டாம் எண் கடைசியில் கட்ட வரும்போது எவ்வளவு கேட்பது என்பதையும் ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். நாள் தவறியவருக்குக் கசர் இல்லை என்றிருந்தால் அவர் இரண்டு மாதத்துக்கும் 10,000 கட்ட வேண்டும். அதில் 7,600 தவணை, வரவுத் தாளின் D பத்தி. மீதி 2,400 இழந்த கசர், அதே தாளின் E பத்தி. அந்த 2,400ஐ D பத்தியில் போட்டால் அவர் முன்பணம் கட்டியவராகத் தெரிவார், மாதாந்திரச் சோதனையும் குலையும். அந்தத் தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும்; எழுதப்படாததை நடத்துபவர் தம் வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. பாதிப் பணம் கட்டினால் பழைய மாதத்துக்கே முதலில் வரவு வையுங்கள்.

இனி ஏழாம் எண்ணுக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து கட்டுகிறவர்களுக்கு நேரும் குழப்பம் பெரும்பாலும் இந்த வகைதான். அவர் அனுப்பிய 10,000ஐ நோட்டில் மூன்றாம் மாதம், நான்காம் மாதம் கட்டியாயிற்று என்று குறித்திருப்பார்கள். ஐந்தாம் மாதம் அவரிடம் 3,850 கேட்பார்கள், அவரும் கட்டிவிடுவார். அவருக்கு வர வேண்டிய இரண்டு மாதக் கசர் 2,500 எங்கும் எழுதப்படாமல் போய்விடும். வந்த பணத்தை எந்த மாதத்துக்கும் ஒட்டாமல், நாள், சீட்டு எண், தொகை என்று மட்டும் எழுதினால் இது நேராது. மூன்றாம் மாத முடிவில் E பத்தி 6,250 முன்பணம் என்றும், நான்காம் மாத முடிவில் 2,500 முன்பணம் என்றும், ஐந்தாம் மாதம் 1,350 மட்டும் பாக்கி என்றும் தானாகச் சொல்லும்.

பேரேடு ரூபாயில் மட்டும் இருக்கட்டும். எத்தனை வெள்ளி அனுப்பினார், அன்றைய மாற்று விகிதம் என்ன என்பது அவருடைய கணக்கு. சீட்டுக் கணக்கில் வர வேண்டியது புதுக்கோட்டை வங்கிக் கணக்கில் விழுந்த ரூபாயும் விழுந்த நாளும். அனுப்பும் கட்டணம் அவருடைய செலவு. 3,850 அனுப்பியதாக அவர் சொல்லி 3,800 விழுந்தால் 50 ரூபாய் பாக்கிதான். சிறு தொகை என்று விட்டுவிட்டால் மாதாந்திரச் சோதனை ஒருநாளும் ஒத்துவராது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்தியச் சீட்டுகளில் சேர ரிசர்வ் வங்கி 2015இல் அனுமதித்தது. வங்கி வழியாகக் கட்ட வேண்டும், அந்த முதலீட்டை வெளிநாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்பவை அதன் நிபந்தனைகள். எனவே ஒவ்வொருவரும் தம் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே அனுப்புவது கணக்குக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது. நீங்கள் உதவி செய்வதாக நினைத்து ஐந்தாறு பேரிடம் இங்கே பேநவ் வழியாக வாங்கி மொத்தமாக அனுப்ப வேண்டாம். மொத்தமாக வந்த தொகையை யார் யாருடையது என்று பிரிப்பது பேரேட்டுக்குத் தொல்லை என்பது ஒருபுறம் இருக்க, சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் சீட்டுத் தொழில் நடத்த முடியாது. எல்லை தாண்டிப் பணம் அனுப்பித் தரும் தொழிலுக்கும் தனி உரிமம் உண்டு. இங்கே நீங்கள் சீட்டுக்கு வசூல் செய்பவராகக் காணப்படாமல் இருப்பதே நல்லது.

சீட்டு எடுத்தவர்களுக்கு இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: இனிக் கட்ட வேண்டிய தொகை. ஐந்தாம் மாதம் எடுத்தவர் பதினைந்தாம் எண் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதுவரை கட்டியது 21,350, வாங்கியது 73,000. இனி 15 தவணை உண்டு. சராசரிக் கசர் ஆயிரம் வரும் என்று எண்ணி 60,000க்கு ஜாமீன் வாங்குவது வழக்கத்தில் இருக்கிறது, அது போதாது. கசர் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது, கடைசி மாதங்களில் மிகக் குறைவாகவே வரும், தவறினால் கசரும் இல்லை. ஆகவே ஜாமீன் 75,000க்கு இருக்க வேண்டும், பேரேட்டிலும் அந்த எண்ணே மாதம் 5,000 வீதம் இறங்கி வர வேண்டும். எடுத்தவரின் பாக்கியும் எடுக்காதவரின் பாக்கியும் ஒரே தன்மையுடையவை அல்ல. எடுக்காதவர் நின்றுவிட்டால் அவர் கட்டிய பணம் நம்மிடம் இருக்கிறது. எடுத்தவர் நின்றுவிட்டால் ஜாமீனைத் தவிர எதுவும் இல்லை. E பத்தியை எடுத்தவர், எடுக்காதவர் என்று இரண்டாகக் கூட்டி வைத்தால், எந்தப் பாக்கியின் பின்னால் முதலில் போக வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியும்.

இந்தியச் சட்டம் சந்தாதாரர் பதிவேடு, ஏல நடவடிக்கைப் புத்தகம், பேரேடு, தினசரிக் கணக்கு ஆகியவற்றை நடத்துபவர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எக்செல் அவற்றுக்கு மாற்றாகாது. அவற்றைச் சரிபார்க்கும் கருவியாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள். ஏலத் தாளின் ஒவ்வொரு வரியும் கையெழுத்திட்ட நடவடிக்கைப் புத்தகத்திலிருந்தே வரட்டும், மாமாவின் நினைவிலிருந்து அல்ல.

மாற்றத் தொடங்கும்போது ஏழாம் மாத நிலுவையை நோட்டிலிருந்து எடுத்து அங்கிருந்து தொடர வேண்டாம். அந்த நிலுவையைத்தான் நம்ப முடியவில்லை. முதல் மாதத்திலிருந்து ஏழு ஏல வரிகளையும், எல்லா ரசீதுகளையும் எழுதுங்கள். ரசீதுகள் நூற்றுநாற்பது அளவில் இருக்கும், ஒரு வார இறுதி வேலை. பிறகு 20 பேரின் பாஸ்புக்கோடும் E பத்தியை ஒப்பிடுங்கள். வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிவிடும். ஒருவருக்கு வித்தியாசம் 1,250 அல்லது 1,150 என்று ஏதாவது ஒரு மாதக் கசருக்குச் சமமாக இருந்தால் அந்தக் கசர் இரு முறை கழிந்திருக்கிறது, அல்லது கழியவே இல்லை. 20 பேருக்கும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் ஏலத் தாளில் ஒரு தள்ளோ கமிஷனோ தவறு, அல்லது கசர் மாதம் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. ஒருவருக்கு 3,750 கூடுதலாகவும் மற்றொருவருக்கு அதே 3,750 குறைவாகவும் இருந்தால் ஒருவரின் ரசீது மற்றவரின் எண்ணில் ஏறியிருக்கிறது. இரண்டு சீட்டு வைத்திருப்பவரிடம் இதை முதலில் தேடுங்கள். இந்த மூன்றிலும் சேராத வித்தியாசம் இருந்தால் அந்தச் சந்தாதாரரின் வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கி, ரசீது எழுதப்படாத பணம் ஏதேனும் வந்திருக்கிறதா என்று நாள்வாரியாகப் பார்க்க வேண்டும்.